டிசம்பர் மாதத்துக்கு மூன்று எண்கள்: விடுதி மேலாளர் கணக்கு அறிக்கையைப் படிப்பது எப்படி?

மாதம் பிறந்து ஐந்தாறு நாளில் அக்கவுண்ட்ஸிலிருந்து ஒரு எக்ஸெல் தாள் வரும். பட்ஜெட், ஃபோர்காஸ்ட், ஆக்சுவல் என்று பக்கத்துப் பக்கத்தில் மூன்று எண்கள் இருக்கும். வரவேற்பிலோ சமையற்கட்டிலோ பல வருடம் நின்று மேலாளராக உயர்ந்தவர் அதைப் பார்த்ததும் முதலில் கேட்பது, "ஒரே மாசத்துக்கு எதுக்கு மூணு கணக்கு? இதுல எது சரி?" என்பதுதான். மூன்றும் சரியாகவே இருக்கலாம். மூன்றும் வேறு வேறு நாளில், வேறு வேறு கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில்கள்.

கானாடுகாத்தான் பக்கம் பழைய வளவு வீட்டை விடுதியாக மாற்றி நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 அறை. உரிமையாளர்கள் பங்காளிகள் நாலு பேர். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில் என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு விடுதி கண்ணில் படுவதே இந்தத் தாளில்தான். டிசம்பரில் 31 நாள், ஆகவே விற்கக்கூடியது 620 ரூம் நைட். அறை வருமானம் மட்டும் (ஜிஎஸ்டி நீக்கி) இப்படி வந்திருக்கிறது:

| | ரூம் நைட் | சராசரி வாடகை (₹) | வருமானம் (₹) |
|---|---|---|---|
| பட்ஜெட் (மார்ச்சில் போட்டது) | 465 | 6,000 | 27,90,000 |
| ஃபோர்காஸ்ட் (நவம்பர் தொடக்கத்தில்) | 420 | 6,200 | 26,04,000 |
| ஆக்சுவல் | 400 | 6,300 | 25,20,000 |

பட்ஜெட் என்பது நிதியாண்டு தொடங்கும் முன்பே பங்காளிகள் ஒப்புக்கொண்ட எண். அதை நம்பித்தான் ஆள் எடுத்திருப்பார்கள், ஓடு மாற்ற ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். ஏப்ரலில் பூட்டிய பிறகு அதைத் தொடக்கூடாது. நிலைமை மாறிவிட்டதே, பட்ஜெட்டைத் திருத்திவிடலாமே என்று மேலாளர்கள் கேட்பதுண்டு. திருத்தினால், மார்ச்சில் நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள தூரத்தை அளக்க எதுவும் மிஞ்சாது. மாறிய நிலைமையைச் சொல்லத்தான் ஃபோர்காஸ்ட் இருக்கிறது.

பட்ஜெட்டில் அதிகம் தவறுவது வருடத் தொகை அல்ல, அதை மாதங்களுக்குப் பிரிக்கும் விதம். பன்னிரண்டால் வகுத்துப் போட்டால் செட்டிநாட்டில் ஒரு மாதம்கூடப் பொருந்தாது. மார்கழியில் இங்கே கல்யாணம் கிடையாது. விசேஷத்துக்கு வரும் கூட்டம் நின்றுபோய், அதே நேரத்தில் வெளிநாட்டுப் பயணிகளும் கிறிஸ்துமஸ் விடுமுறைக் குடும்பங்களும் வருகிறார்கள். போன வருட மாதக் கணக்கை அப்படியே நகலெடுப்பதும் ஆபத்து. விநாயகர் சதுர்த்தி 2024-ல் செப்டம்பர் 7, 2025-ல் ஆகஸ்ட் 27. பிள்ளையார்பட்டித் திருவிழாக் கூட்டத்தை நம்பி செப்டம்பருக்கு பட்ஜெட் போட்டிருந்தால், 2025-ல் அந்த வருமானம் ஒரு மாதம் முன்னாலேயே வந்திருக்கும். ஆகஸ்டில் பாராட்டு, செப்டம்பரில் திட்டு. இரண்டுக்குமே காரணம் பஞ்சாங்கம்தான்.

இனி டிசம்பருக்கு வருவோம். பட்ஜெட்டை விட ₹2,70,000 குறைவு. தாளில் இது அடைப்புக்குறிக்குள் இருக்கும். அடைப்புக்குறி என்றால் மைனஸ். இந்தத் தொகையை அப்படியே வைத்துக்கொண்டு பேசினால் எதுவும் விளங்காது, இரண்டாகப் பிரிக்க வேண்டும். 65 நைட் குறைந்தது, பட்ஜெட் வாடகை ₹6,000, ஆக எண்ணிக்கையால் போனது ₹3,90,000. விற்ற 400 நைட்டுக்கும் சராசரி ₹300 கூடியிருக்கிறது, ஆக வாடகையால் வந்தது ₹1,20,000. கழித்தால் ₹2,70,000.

இங்கே நின்று "நல்ல விலைக்கு விற்றிருக்கிறோம்" என்று எழுதிவிடத் தோன்றும். எழுதும் முன் ரத்தான பதிவுகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ₹4,200 வாடகைக்குப் பேசிய சுற்றுலாக் குழு ஒன்று அக்டோபர் கடைசியில் 60 நைட்டை ரத்து செய்திருக்கிறது. அந்தக் குழு வந்திருந்தால் மொத்தம் 460 நைட், ₹27,72,000, சராசரி ₹6,026. அதாவது பட்ஜெட் வாடகைக்குப் பக்கத்தில்தான் நிற்கும். குறைந்த விலை ஆட்கள் வராததால் சராசரி தானாக ஏறியதே தவிர, யாரும் விலையைக் கூட்டி விற்கவில்லை. சராசரி வாடகையில் வரும் லாபத்தை நம்பும் முன் யார் வரவில்லை என்று பார்ப்பது அதனால்தான்.

இப்போது நடுவிலுள்ள வரிசை. நவம்பர் தொடக்கத்திலேயே குழு ரத்தானது தெரியும். இழந்த 60-ல் 15-ஐயாவது வேறு ஆட்களுக்கு விற்றுவிடலாம் என்று கணித்து 420 போட்டிருக்கிறார்கள். ஆக ₹2,70,000 பள்ளத்தில் ₹1,86,000 ஒரு மாதம் முன்பே தெரிந்த விஷயம். டிசம்பர் முடிந்த பிறகு புதிதாக வந்த அதிர்ச்சி ₹84,000 மட்டும்தான். பட்ஜெட்டோடு ஒப்பிட்டால் வருடம் எங்கே நிற்கிறது என்று தெரியும். ஃபோர்காஸ்ட்டோடு ஒப்பிட்டால் வரப்போவதை நாம் எவ்வளவு சரியாகப் பார்க்கிறோம் என்று தெரியும். மேலாளரிடம் பங்காளிகள் கேட்க வேண்டிய கேள்வியும் இதிலிருந்தே வருகிறது: நவம்பரிலேயே 45 நைட் குறையும் என்று தெரிந்தபோது தற்காலிக ஆட்களையும் மளிகைக் கொள்முதலையும் குறைத்தீர்களா?

அதற்குப் பதில் சமையல் செலவு வரிசையில் இருக்கிறது. பட்ஜெட் ஒரு நைட்டுக்கு ₹800 வீதம் ₹3,72,000. ஆக்சுவல் ₹3,60,000. தாள் இதை ₹12,000 மிச்சம் என்று பச்சையில் காட்டும். ஆனால் சாப்பிட்டது 400 நைட்டுக்கான விருந்தினர்கள்தான். அதே ₹800 வீதம் ₹3,20,000 ஆகியிருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ₹40,000 அதிகம். ஆள் வரத்தோடு கூடிக் குறையும் செலவை எப்போதும் நடந்த எண்ணிக்கைக்கு மாற்றிப் போட்டுத்தான் ஒப்பிட வேண்டும். காவலாளி சம்பளம், காப்பீடு போன்றவற்றுக்கு இது தேவையில்லை. பத்து அறை நிறைந்தாலும் இருபது நிறைந்தாலும் அவை ஒன்றுதான். காலைப் பலகாரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். பஃபே வைத்தால் ஆள் குறைந்தாலும் ஆறு பதார்த்தம் வைத்தே ஆகவேண்டும்.

சரி, சமையல்காரரைக் கூப்பிட்டுக் கேட்கலாமா? பொறுங்கள். அந்த ₹3,60,000 உண்மையில் செலவானதா, வாங்கியதா? 31-ம் தேதி இரவு ஸ்டோரில் இருப்பு எடுக்காமல் பில்களை மட்டும் கூட்டியிருந்தால் அது கொள்முதல்தான். டிசம்பர் 1-ல் இருந்ததை விட ₹30,000 மதிப்புக்கு அரிசி, எண்ணெய், முந்திரி கூடுதலாக மிச்சமிருந்தால் தீர்ந்த சரக்கு ₹3,30,000. அதிகம் ₹10,000 மட்டும். மீதி ₹30,000 விரயம் அல்ல, கையில் இருக்கும் சரக்கு.

மூன்று எண்களில் ஆக்சுவல்தான் அசைக்கமுடியாதது என்று மேலாளர்கள் நம்புவார்கள். பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய ஊரில் அந்த நம்பிக்கை இயல்புதான். ஆனால் ஏட்டில் ஏறியது மட்டுமே ஆக்சுவல். நடந்தும் ஏறாதது, ஏறியும் நடக்காதது இரண்டும் உண்டு. தையில் மணிவிழாவுக்கு வளவை எடுத்தவர் டிசம்பரில் ₹2,00,000 முன்பணம் கட்டுகிறார். பணம் வங்கிக்கு வந்துவிட்டது, ஆனால் அது டிசம்பர் வருமானம் அல்ல. விசேஷம் நடக்கும்வரை அவருக்கு நாம் தரவேண்டிய பாக்கி. அதேபோல மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் இணைப்பாக இருந்தால், பில் வராத மாதத்தில் மின்செலவு பூஜ்யம், வந்த மாதத்தில் இரட்டிப்பு. மாதக் கடைசியில் மீட்டரைப் படித்து, ஆன யூனிட்டுக்கு உத்தேசத் தொகையை அக்கவுண்ட்ஸ் எழுதி வைக்க வேண்டும். இதைப் புரொவிஷன் என்பார்கள். டிராவல் ஏஜெண்ட் கமிஷனும் விருந்தினர் போன பிறகுதான் பில்லாக வரும். மாதாமாதம் வரும் ஒரு செலவு திடீரென்று பூஜ்யமாகவோ இரண்டு மடங்காகவோ தெரிந்தால், சிக்கனத்தையும் ஊதாரித்தனத்தையும் பேசும் முன் புரொவிஷன் போட்டார்களா என்று கேளுங்கள்.

ஃபோர்காஸ்ட்டில் நடக்கும் தவறு வேறு மாதிரி. முதல் எட்டு மாதத்தில் பட்ஜெட்டுக்கு ₹8 லட்சம் பின்தங்கியிருந்தால், மீதி நாலு மாதத்தில் அதே ₹8 லட்சத்தைக் கூட்டிப்போட்டு வருடத் தொகையைப் பட்ஜெட்டுக்கே கொண்டுவந்து விடுவார்கள். பார்க்க நிம்மதியாக இருக்கும். ஃபோர்காஸ்ட்டின் வருடத் தொகை பட்ஜெட்டோடு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போனால் யாரோ அதைப் பின்னாலிருந்து போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சரிபார்க்க விடுதியிலேயே ஒரு வழி இருக்கிறது. போன வருடம் டிசம்பர் 1-ம் தேதி, ஜனவரிக்குக் கைவசம் இருந்த பதிவு 210 நைட். ஜனவரி முடிந்தபோது 430. அதாவது கடைசி இரண்டு மாதத்தில் சேர்ந்தது 220. இந்த வருடம் அதே தேதியில் கைவசம் 170. அதே வேகத்தில் சேர்ந்தால் 390. 450 என்று ஃபோர்காஸ்ட் போட்டிருந்தால், கூடுதல் 60 யார், எந்த ஏஜெண்ட் மூலம், எந்தத் தேதிக்கு என்று பெயரோடு பதில் இருக்க வேண்டும். "சீசன் நல்லா இருக்கும்ங்க" என்பது பதில் அல்ல. இதற்கு வரவேற்பு மேசையிலிருந்து வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு மாதமும் 1-ம் தேதி அடுத்த மூன்று மாதத்துக்கான கைவசப் பதிவை எழுதி வைப்பது. பல விடுதிகளில் இந்த ஏடே இல்லை. பல மென்பொருள்களில் பின்னால் போய்ப் பார்த்தால் ரத்தானவை நீங்கிய எண்ணிக்கைதான் தெரியும், அன்றைக்கு இருந்தது தெரியாது.

தாளின் கடைசியில் விளக்கம் என்று ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலும் "வியாபாரம் மந்தம்" என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அது பக்கத்திலுள்ள எண்ணையே வார்த்தையில் திரும்பச் சொல்வது. நம் டிசம்பருக்கு அந்தக் கட்டத்தில் இவ்வளவு போதும்: "அக்டோபர் கடைசியில் ரத்தான குழு, 60 நைட், ₹2,52,000. நவம்பர் ஃபோர்காஸ்ட்டில் 15 நைட் மறுவிற்பனை எதிர்பார்த்தோம், நடக்கவில்லை. மற்ற பதிவுகளில் 5 நைட் குறைவு. சமையல் செலவு நடந்த எண்ணிக்கைக்கு ₹10,000 அதிகம், இருப்பு எடுத்தாயிற்று. ஜனவரி ஃபோர்காஸ்ட் 390 நைட், கைவசப் பதிவின் அடிப்படையில்."