கடைசி வரிசை முகங்களைத் துண்டு போட்டுத் தேடுவது

மேடையில் நின்று கூட்டத்தைப் பார்த்து எடுத்த படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 24 மெகாபிக்சல் கேமரா, 6000க்கு 4000 பிக்சல். முன்வரிசையில் இருப்பவரின் முகம் சுமார் 400 பிக்சல் அகலம். பந்தலின் கடைசியில் நிற்பவரின் முகம் 36 பிக்சல்தான். கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த 36 பிக்சலிலும் கண், மூக்கு, வாய் இருக்கும் இடம் நமக்கு ஓரளவு தெரிகிறது. ஆனால் முகம் கண்டுபிடிக்கும் நிரலிடம் படத்தை அப்படியே கொடுத்தால், முன்னால் உள்ள சில வரிசைகளுக்குப் பெட்டி போட்டுவிட்டு நின்றுவிடும். அதற்குப் பின்னால் யாருமே இல்லாதது போல இருக்கும்.

நிரலின் திறமையைக் குறை சொல்வதற்கு முன் படத்தின் அளவைப் பார்க்க வேண்டும். இந்த வகை மாடல்கள் பெரும்பாலும் 640க்கு 640 பிக்சல் படத்தைத்தான் உள்ளே வாங்கிக்கொள்கின்றன. நாம் எவ்வளவு பெரிய படம் கொடுத்தாலும் முதல் வேலையாக அதைச் சுருக்கிவிடுவார்கள். 6000 பிக்சல் 640 ஆகும்போது 400 பிக்சல் முகம் 43 பிக்சல் ஆகிறது, தாராளமாகப் போதும். 36 பிக்சல் முகமோ நாலு பிக்சலுக்கும் கீழே போய்விடுகிறது. மாடலுக்குள் படம் மேலும் சுருங்கும். வழக்கமான அமைப்பில், மிக நுணுக்கமாகப் பார்க்கும் அடுக்கில்கூட ஒரு கட்டம் என்பது 8க்கு 8 பிக்சல். ஆக ஒரு கட்டத்துக்குள் நாலு முகங்கள் அடங்கிவிடும். அங்கே கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சவில்லை. படத்தின் மேல் போட்ட பெட்டிகள் ஏதோ ஒரு வரிசையோடு கோடு கிழித்ததுபோல நின்றுவிட்டால், பிரச்சினை இந்தச் சுருக்கத்தில்தான் என்று சந்தேகிக்கலாம்.

அதனால் படத்தைச் சுருக்காமல் துண்டுகளாக வெட்டுகிறோம். ஒவ்வொரு துண்டும் 640க்கு 640. மாடல் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும், 36 பிக்சல் முகம் 36 பிக்சலாகவே உள்ளே போகும். துண்டுகளை ஒட்ட ஒட்ட வெட்டக் கூடாது, வெட்டுக்கோட்டில் இருப்பவரின் முகம் இரண்டாகிவிடும். அதனால் ஒரு துண்டின் ஓரம் அடுத்த துண்டின் மேல் ஏறியிருக்கும்படி வெட்டுவார்கள். இங்கே 128 பிக்சல் ஏறட்டும், அதாவது 512 பிக்சலுக்கு ஒரு துண்டு தொடங்கும். கடைசித் துண்டு படத்துக்கு வெளியே போகாமல் பின்னால் இழுத்துக்கொள்ளும்:

```python
def starts(length, tile=640, step=512):
    s = list(range(0, length - tile, step))
    s.append(length - tile)
    return s
```

`starts(6000)` 12 இடங்களையும் `starts(4000)` 8 இடங்களையும் தரும். மொத்தம் 96 துண்டுகள். இதோடு முழுப்படத்தையும் ஒருமுறை சுருக்கி ஓட்ட வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முன்வரிசையின் 400 பிக்சல் முகம் பல துண்டுகளில் பாதி பாதியாகச் சிதறிக் கிடக்கலாம், அதை முழுசாகப் பிடிப்பது அந்தச் சுருக்கிய படம்தான். பின்வரிசைக்குத் துண்டுகள், முன்வரிசைக்கு முழுப்படம். ஆக மாடல் 97 முறை ஓட வேண்டும், நேரமும் ஏறக்குறைய அவ்வளவு மடங்கு கூடும்.

128 என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. 128 பிக்சலைவிடச் சிறிய முகம் எங்கே இருந்தாலும், ஏதாவது ஒரு துண்டிலாவது முழுசாக விழுந்தே தீரும். ஆகவே துண்டுகளில் எவ்வளவு பெரிய முகம் வரை பிடிக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதைவிடக் கொஞ்சம் அதிகமாக ஓரத்தை ஏற்றுவதுதான் முறை.

அப்புறம் வருவது ஒட்டும் வேலை. என் பார்வையில் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியின் எண்களோடும் அதன் துண்டு தொடங்கும் இடத்தைக் கூட்டினால் முழுப்படத்தில் அதன் இடம் கிடைத்துவிடும். அது சுலபம். ஆனால் ஓரங்கள் ஏறியிருப்பதால் ஒரே ஆள் இரண்டு துண்டுகளில் பிடிபடுவார். ஒரு பெட்டிக்கும் இன்னொன்றுக்கும் பொதுவான பரப்பை, இரண்டும் சேர்ந்து மூடும் மொத்தப் பரப்பால் வகுத்து, 0.5க்கு மேல் வந்தால், இது முகம்தான் என்று மாடல் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறது என்பதற்கான மதிப்பெண் குறைந்த பெட்டியை நீக்குவது வழக்கம்.

இது தவறும் இடம் ஒன்றைப் பார்ப்போம். ஒரு துண்டு 1536இல் தொடங்கி 2176இல் முடிகிறது. அடுத்தது 2048இல் தொடங்குகிறது. ஒருவரின் முகம் 2160 முதல் 2196 வரை. இரண்டாவது துண்டு அதை முழுசாகப் பிடித்து 36 பிக்சல் அகலத்தில் பெட்டி போடுகிறது. முதல் துண்டுக்குத் தெரிவது இடது பக்கத்து 16 பிக்சல்தான், ஆனாலும் பாதி முகத்தையே முகம் என்று பிடித்துவிடுகிறது. உயரம் ஒன்றே என்று வைத்துக்கொண்டால் பொதுப் பரப்பு விகிதம் 16ஐ 36ஆல் வகுத்தது, 0.44. வரம்பு 0.5. இரண்டு பெட்டிகளும் தப்பிவிடும், ஒரே ஆள் இரண்டு பேராக எண்ணப்படுவார்.

பொதுப் பரப்பைச் சிறிய பெட்டியின் பரப்பால் மட்டும் வகுத்தால் இங்கே 1 வரும், ஒன்று நீங்கிவிடும். துண்டு போட்டுத் தேடுவதற்கென்றே உருவான SAHI என்ற மென்பொருளில் இந்த அளவீடும் உண்டு. ஆனால் நெருக்கமான கூட்டத்தில் இதற்கு ஒரு விலை இருக்கிறது: ஒருவர் காதுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பவரின் சின்ன முகம், முன்னாலிருப்பவரின் பெட்டிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். நிஜமான ஆளே நீக்கப்படுவார். அதனால் முதலில் வேறொரு விதியைப் போடுவது நல்லது என்பேன். துண்டின் உள்விளிம்பைத் தொடும் பெட்டியைத் தூக்கிவிடுங்கள். அது 128 பிக்சலுக்குள் அடங்கும் முகம் என்றால் பக்கத்துத் துண்டில் முழுசாக இருக்கும், பெரிய முகம் என்றால் முழுப்படத்தில் பிடிபடும். படத்தின் சொந்த விளிம்பைத் தொடுவதை மட்டும் விட்டுவைக்க வேண்டும்.

சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, எல்லாப் பெட்டிகளையும் படத்தின் மேல் வரைந்து பாருங்கள். இரட்டைப் பெட்டிகள் 2176 போன்ற துண்டு விளிம்புகளில் செங்குத்தாக வரிசை கட்டி நின்றால் ஒட்டுவதில் கோளாறு. அதே கோடுகளில் முகங்கள் விடுபட்டிருந்தால் ஓரம் போதவில்லை.

துண்டு போடுவதால் ஒரு பக்கவிளைவும் உண்டு. பெரிதாகப் பார்க்கும்போது மடக்கிய கை, சேலைப் பூ, பேனரில் அச்சான தலைவர் படம் எல்லாமே முகமாகத் தெரியத் தொடங்கும். இதில் சுற்றுப்புறம் நிறைய உதவுகிறது. 2017இல் பெய்யுன் ஹூவும் தேவா ராமனனும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு இதை அழகாகக் காட்டியது. முகத்தை மட்டும் பார்க்காமல் அதைச் சுற்றிலும் நிறைய இடத்தைச் சேர்த்துப் பார்த்தால் சின்ன முகங்கள் நன்றாகப் பிடிபட்டன. மனிதர்களுக்குமே சுற்றுப்புறம் இல்லாமல் சின்ன முகத்தை அடையாளம் காண்பது கடினமாக இருந்தது. ஏறக்குறைய ஆயிரம் பேர் இருப்பதாகச் சொல்லப்பட்ட ஒரு செல்ஃபியில் சுமார் 800 முகங்களை அவர்களின் மாடல் கண்டுபிடித்தது. அதே ஆய்வில், சின்ன முகங்களுக்குப் படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கித் தேடுவதும் பலன் தந்தது. பெரிதாக்குவதால் புதுத் தகவல் எதுவும் சேர்வதில்லை. மாடல் நன்றாகக் கற்றுக்கொண்ட அளவுக்கு முகம் வந்து சேர்கிறது, அவ்வளவுதான். இதை வைத்துப் பார்த்தால் துண்டுகளை மிகச் சிறிதாக வெட்டுவதும் தவறு. தோளும் தலைமுடியும் பக்கத்து ஆளும் துண்டுக்குள் வர வேண்டும்.

மங்கலான முகத்தில் நிலைமை வேறு. ஃபோகஸ் தவறி, ஒரு புள்ளி 10 பிக்சல் அகலத்துக்குப் பரவியிருந்தால், 36 பிக்சல் முகத்தில் நாலைந்து புள்ளிகளுக்கான விவரம்கூட இல்லை. துண்டு போட்டாலும் விவரம் திரும்பாது. கறுப்பு முடிக்குக் கீழே தோல் நிறம், அதற்குக் கீழே தோள் என்ற அமைப்பை வைத்துத்தான் மாடல் ஊகிக்கும். அதனால் மதிப்பெண் குறைவாக வரும். முகம் என்று ஏற்பதற்கான மதிப்பெண் வரம்பைத் தாழ்த்தினால் இவர்கள் உள்ளே வருவார்கள், கூடவே பூக்களும் பலூன்களும் வரும். நடுவில் எங்கே நிறுத்துவது என்பதைப் பின்வரிசையிலிருந்து இரண்டு மூன்று துண்டுகளை எடுத்துக் கையால் எண்ணி, நிரலின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுத்தான் தீர்மானிக்க முடியும். முன்வரிசைக்குச் சரியாக இருந்த வரம்பு இங்கே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இத்தனையும் கேமராவிலிருந்து வந்த மூலப்படத்தில்தான் நடக்கும். அதே படம் யாரோ அனுப்பி வந்து 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கியிருந்தால், கடைசி வரிசை முகம் ஏற்கெனவே 10 பிக்சலுக்குள் வந்துவிட்டது, அதன்மேல் ஜேபெக் சுருக்கமும் 8க்கு 8 கட்டங்களாகப் படிந்திருக்கும். அதை எத்தனை துண்டாக வெட்டினாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கூட்டத்தை எண்ணச் சொல்லி யாராவது படம் கொடுத்தால் முதலில் கேட்க வேண்டியது மூலக் கோப்பைத்தான்.