நாய்க்கடி போஸ்டர்ல மண்டை ஓட்டை எடுத்துட்டு என்ன எழுதலாம்?

'பயமுறுத்தலைன்னா ஜனங்க ஊசி போட வருவாங்களா?'ன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தாரு, கூடவே அவங்க ஊரு போஸ்டர் போட்டோ. மண்டை ஓடு, கீழ 'வெறிநாய் கடித்தால் மரணம் நிச்சயம்!'

ரேபீஸ் வைரஸ் நரம்பு வழியா மூளைக்கு ஏறும், அறிகுறி வந்துட்டா காப்பாத்த முடியாதுன்னே சொல்லலாம், இது தெரிஞ்சதுதான். ஆனா போஸ்டர் கடிச்சாலே கதை முடிஞ்சதுங்குதே, அது தப்பு. கடிக்கும் அறிகுறிக்கும் நடுவுல பொதுவா ரெண்டு மூணு மாசம் இருக்கு, அந்த இடைவெளியிலதான் தடுப்பூசி வேலை செய்யுது. சில பேருக்கு ஒரே வாரத்துலயும் வந்துரும், அதனாலதான் அன்னைக்கே போகணும்.

1965ல அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல லெவந்தால்ங்கிற உளவியலாளரும் கூட இருந்தவங்களும் செஞ்ச சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். டெட்டனஸ் பத்தி சில மாணவர்களுக்குப் பயங்கரமான படங்களோட புத்தகம், சிலருக்குச் சாதுவான புத்தகம். பயந்தவங்க 'கண்டிப்பா ஊசி போட்டுக்கணும்'னு நிறையச் சொன்னாங்க, ஆனா போனதுல பெரிய வித்தியாசம் இல்ல. வித்தியாசம் வந்தது ஒரு மேப்ல! ஹெல்த் சென்டரை வட்டம் போட்டுக் காட்டி, எந்த நேரம் திறந்திருக்கும்னு எழுதி, உன் கிளாஸ் டைம்டேபிள்ல எப்பப் போவேன்னு யோசிக்கச் சொன்னாங்க. அது இல்லாதவங்கள்ல 3 சதவீதம் போனாங்க, இருந்தவங்கள்ல 28 சதவீதம். ஆபத்தைப் பத்தி எதுவும் படிக்காம வெறும் மேப் மட்டும் வாங்கினவங்க போகவே இல்ல, அதனால ஆபத்தை மறைக்கவும் கூடாது.

பயம் வந்ததும் மனசு ஒரு வழியத் தேடும். வழி கண்ணு முன்னால இருந்தா கால் அங்க போகும், இல்லைன்னா மனசு ஆபத்தை விட்டுட்டு பயத்தை அடக்கப் பாக்கும்: 'அது நம்ம தெரு நாய்தான, சும்மா பல்லு பட்டுச்சு'ன்னு சொல்லிக்கிட்டு மஞ்சளையோ மிளகாய்ப் பொடியையோ அப்பிட்டு உக்காந்துருவாங்க. தொப்புளைச் சுத்தி 14 ஊசின்னு பழைய பயம் வேற. மந்திரிக்கப் போறவங்களத் திட்டுறதுக்கு முன்னாடி, நம்ம போஸ்டர் வேற வழி காட்டுச்சான்னு கேக்கணும்னு நான் நினைக்கிறேன்.

நான் எழுதினா இப்படி:

'நாய் கடிச்சுதா, கீறுச்சா? உடனே சோப்பு போட்டு, ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவுங்க. இன்னைக்கே அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க, ஊசி இலவசம், கையிலதான். நாலு தடவை: முதல் ஊசி போடுற அன்னைக்கு, அப்புறம் அதுலேர்ந்து 3, 7, 28ஆம் நாள். நோய் வந்துட்டா மருந்து இல்ல, வராம முழுசாத் தடுக்கலாம். லேட் ஆயிருச்சா? இப்பவும் வாங்க.'

கீழ ஆஸ்பத்திரிக்குப் போற வழி, ஊசி போடுற நேரம். அந்த 'லேட் ஆயிருச்சா?' வரி ரொம்ப முக்கியம், ஏன்னா மண்டை ஓட்டைப் பாத்துட்டு பத்து நாள் லேட்டா வந்தவர் வாசலோட திரும்பிருவாரு. போஸ்டர் பலிச்சுதான்னு பாக்க எத்தனை பேர் பயந்தாங்கன்னு கேக்க வேணாம், அன்னைக்கே வந்தவங்க எத்தனை பேர், 28ஆம் நாள் ஊசிக்குத் திரும்பி வந்தவங்க எத்தனை பேர்னு ரிஜிஸ்டரைப் பாருங்க.