தவறுப் பட்டியலும் புதிய சாட்டும்: ஒரு வரிக்குள் என்ன இருக்க வேண்டும்?

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் 25 கேள்விகள் திறனறிவுக் கணக்குகள்: வட்டி, சதவீதம், வேலையும் நாளும், பரப்பளவு போன்றவை. ஐந்தாறு மாதம் படிக்கும் ஒருவர் தினமும் ஏஐ சாட்டைத் திறந்து, "கூட்டு வட்டியில் எனக்குப் பத்துக் கேள்வி கொடு" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேள்விகள் வரும். ஆனால் அவை யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் கேள்விகள். அவர் எங்கே தடுக்கி விழுகிறார் என்பது அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. தெரியப்படுத்த ஒரு வழி, செய்த தவறுகளை வரிவரியாகக் குறித்த ஒரு தவறுப் பட்டியலைப் புதிய சாட்டில் முதலில் ஒட்டுவது.

தானாக அதற்குத் தெரியாததற்குக் காரணம் அதன் அமைப்பு. சாட்டுக்குப் பின்னால் பதில் எழுதும் மொழி மாதிரியின் பயிற்சி முன்பே முடிந்துவிட்டது. நாம் பேசுவதால் அதற்குள் எதுவும் மாறுவதில்லை. பதில் சொல்லும்போது அது பார்ப்பது அந்த சாட்டில் இருக்கும் எழுத்துகளை மட்டுமே. புதிய சாட் திறந்தால் அந்தப் பக்கம் வெறுமையாகிவிடும். சில சேவைகளில் நினைவு வசதி இருக்கிறதுதான். ஆனால் அதில் பெரும்பாலும் "குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறார்" என்பது போன்ற பொதுக் குறிப்புகளே தங்குகின்றன. எந்தக் கணக்கில் எந்தப் படியில் தவறினார் என்பது முழுதாக வராது. ஆகவே ஒவ்வொரு முறையும் நாம் ஒட்டும் தவறுப் பட்டியல்தான், அன்றைக்கு நம் தவறுகளைப் பற்றி அதற்குத் தெரிந்த அத்தனையும்.

சரி, ஒரே சாட்டையே மாதக்கணக்கில் நீட்டிக்கொண்டு போனால் என்ன? ஒரு சாட் இவ்வளவு நீளம்தான் தாங்கும் என்று வரம்பு உண்டு. எழுத்துகளை அது சிறு துண்டுகளாக உடைத்துத்தான் படிக்கிறது. தமிழ் பொதுவாக ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாக உடைவதால் அந்த வரம்பு சீக்கிரமே நிரம்பும். வரம்புக்குள் இருந்தாலும் இன்னொரு சிக்கல். நீண்ட உரையின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள தகவலை மாதிரிகள் நன்றாகப் பயன்படுத்தின, நடுவில் புதைந்ததைக் கோட்டைவிட்டன என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதற்குப் பிறகு வந்த மாதிரிகள் தேறியிருக்கின்றன. ஆனாலும் முப்பது நாற்பது வரிப் பட்டியலைப் புதிய சாட்டின் முதலிலேயே ஒட்டுவது, பழைய உரையாடலை இழுத்துக்கொண்டு அலைவதைவிடத் தெளிவான வழி.

இனி அந்த வரிக்கு வருவோம். எல்லாமே இதில்தான் இருக்கிறது.

கணக்கு இது: ரூ.10,000-க்கு ஆண்டுக்கு 20% வட்டி, அரையாண்டுக்கு ஒருமுறை கூட்டப்படுகிறது. ஓராண்டு முடிவில் தொகை என்ன? தேர்வர் ரூ.14,400 என்று குறிக்கிறார். சரியான விடை ரூ.12,100. பெரும்பாலானோர் இதை "கூட்டு வட்டி – தவறு – கவனக்குறைவு" என்று எழுதிவிடுவார்கள். இந்த வரியை ஒட்டினால் மீண்டும் பொதுவான பத்துக் கேள்விதான் வரும். கவனக்குறைவிலிருந்து யாராலும் ஒரு கேள்வியை உருவாக்க முடியாது.

14,400 எப்படி வந்தது என்று பார்த்தால் கதை வேறு. 10,000-ஐ 1.2-ஆல் இருமுறை பெருக்கியிருக்கிறார். காலத்தை இரண்டு அரையாண்டாகச் சரியாகப் பிரித்தார். வீதத்தை 10% ஆகக் குறைக்க மறந்தார். ஆகவே வரி இப்படி இருக்க வேண்டும்:

```
கூட்டு வட்டி, அரையாண்டு | என் விடை 14400, சரி 12100 |
காலத்தை இரட்டித்தேன், வீதத்தைப் பாதியாக்கவில்லை |
உறுதி: அதிகம் | அடுத்து: 3 நாள் கழித்து
```

இந்த வரியைப் படித்த மாதிரி, அதே படியைச் சோதிக்கும் புதுக் கேள்விகளைத் தர முடியும். உதாரணமாக, ஆண்டுக்கு 8%, காலாண்டுக்கு ஒருமுறை கூட்டினால் ஆறு மாதத்தில் ரூ.5,000 எவ்வளவாகும்? வீதம் 2%, தவணை இரண்டு, விடை ரூ.5,202. பழைய தவறையே திரும்பச் செய்பவருக்கு ரூ.5,832 வரும். அந்த எண்ணையும் விடைத்தெரிவுகளில் ஒன்றாக வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பொறி சரியான இடத்தில் இருந்தால்தான், தவறு போய்விட்டதா அல்லது ஒளிந்திருக்கிறதா என்பது தெரியும்.

வரியில் "உறுதி: அதிகம்" என்று ஏன் எழுதுகிறோம்? நாம் மிக உறுதியாக நம்பிச் சொன்ன தவறான விடை, திருத்தப்பட்டதும் நன்றாக மனதில் பதிகிறது என்று 2001-இல் பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் கண்டார்கள். அதிர்ச்சி கவனத்தை இழுக்கிறது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஆனால் 2011-இல் வந்த இன்னோர் ஆய்வில், ஒரு வாரம் போனதும் சரியான விடையை மறந்தவர்களிடம், அந்த உறுதியான பழைய தவறுகளே திரும்பத் தலைகாட்டின. திருத்தியவுடன் "புரிந்துவிட்டது" என்று வரும் உணர்வை அதனால்தான் நம்பக் கூடாது. உறுதி அதிகமாக இருந்த வரிகள் மூன்று நாளிலும், பத்து நாளிலும், அப்புறம் ஒரு மாதத்திலும் மறுபடி வர வேண்டும். இது கல்வெட்டு விதி அல்ல. இடைவெளி வளர்ந்துகொண்டே போக வேண்டும் என்பதுதான் சாரம்.

கேட்கும் விதத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பட்டியலை ஒட்டியதும் மாதிரி "இதோ அரையாண்டு வட்டிக் கேள்வி" என்று தலைப்புப் போட்டுக் கேட்கத் தொடங்கும். தலைப்பைப் பார்த்தவுடனேயே வீதத்தைப் பாதியாக்கிவிடுவோம். தேர்வுத்தாளில் தலைப்பு இருக்காது. ஆகவே தலைப்பைச் சொல்லாமல், சாதாரண ஆண்டு வட்டி, தனி வட்டி, சதவீதக் கணக்குகளோடு கலந்து ஒவ்வொன்றாகக் கேட்கச் சொல்ல வேண்டும். இது எந்த வகைக் கணக்கு என்று நாமே கண்டுபிடிப்பதும் பயிற்சியின் பாதி. நன்றாக வரும் பாடங்களும் இந்தக் கலவையில் இடையிடையே வருவதால் அவை துருப்பிடிப்பதும் குறையும்.

தேதி பார்ப்பதையும் எண்ணுவதையும் மாதிரியிடம் விடாதீர்கள். நீண்ட பட்டியலில் ஒரு வகைத் தவறு எத்தனை முறை வந்தது என்று கேட்டால் அது தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்லும், அது தவறாகவும் இருக்கலாம். பட்டியலை கூகுள் ஷீட்டில் வைத்து, C நெடுவரிசையில் தவறின் வகையை எப்போதும் ஒரே சொற்களில் எழுதினால் ஒரு சூத்திரம் போதும்:

```
=COUNTIF(C:C,"வீதம் மாற்றவில்லை")
```

இன்று முறை வந்த வரிகளை மட்டும் அங்கிருந்து எடுத்து ஒட்டலாம்.

நான் மிகவும் அஞ்சுவது இன்னொன்றை. கணக்கு விடையை நாமே போட்டுச் சரிபார்த்துவிடலாம். தமிழ்ப் பகுதியில், எந்த நூலை யார் எழுதியது, எந்த அடைமொழி யாருக்கு என்பது போன்ற கேள்விகளில், மாதிரி துளித் தயக்கமும் இல்லாமல் தவறான பெயரைச் சொல்லக்கூடும். அது பட்டியலின் "சரி" இடத்தில் ஏறிவிட்டால், தினமும் நாமே அதை ஒட்டுகிறோம், மாதிரியும் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு கேள்வி எழுப்புகிறது. ஐந்து மாதம் ஒரு பொய்யைப் பயிற்சி செய்து முடிப்போம். அதனால் இத்தகைய வரிகளில் "சரி" என்ற இடத்தில் எழுதும் விடை ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளிப் பாடநூலிலிருந்தோ, ஆணையம் வெளியிட்ட இறுதி விடைக்குறிப்பிலிருந்தோ மட்டுமே வர வேண்டும். பக்க எண்ணையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.

வெவ்வேறு நாளில், தலைப்பு சொல்லாத கலவையில், மூன்று முறை சரியாக வந்த வரியைப் பட்டியலிலிருந்து எடுத்து வேறு தாளில் வைக்கலாம். அழிக்க வேண்டாம். கடைசி மாதத்தில் முழு மாதிரித் தேர்வு எழுதும்போது, மூன்று மணி நேர நெருக்கடியில் அந்தத் தாளிலிருந்து சில வரிகள் திரும்பி வரும். அவற்றை மறுபடி பட்டியலில் சேர்த்து, முதல் மூன்று நாள் இடைவெளியிலிருந்து தொடங்க வேண்டும்.