நிறுவல்: நிற்கவைத்துக் காட்டுவது

நிறுவல் (பெயர்ச்சொல்). வினை: நிறுவு. ஒரு கூற்று ஏன் உண்மை என்பதை, ஏற்கெனவே ஒப்புக்கொண்டவற்றிலிருந்து தொடங்கி, படிப்படியாகக் காரணம் சொல்லி முடிக்கும் எழுத்து. தமிழ்நாட்டுப் பள்ளிப் புத்தகங்களில் பெரும்பாலும் 'நிரூபணம்'. இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களில் 'நிறுவல்'. கேள்வித்தாளில் 'நிறுவுக' என்று வந்தால் இரண்டு கரையிலும் புரியும்.

'நிரூபணம்' வடசொல். உள்ளே இருப்பது 'ரூபம்'. ஒன்றுக்கு வடிவம் கொடுப்பது, இன்னதென்று வரையறுப்பது, விரித்துரைப்பது என்பவையே அதன் பழைய பொருள்கள். கதாகாலட்சேபம் கேட்டவர்களுக்கு இந்தச் சொல் வேறு விதமாகப் பழக்கம். அங்கே நிரூபணம் என்றால் ஒரு கதையை எடுத்துக்கொண்டு பாட்டும் உரையுமாக விரித்துச் சொல்வது. 'காரணம் காட்டி உறுதிசெய்தல்' என்ற பொருளுக்கு வடமொழிக் கணிதத்தில் புழங்கிய சொல் 'உபபத்தி'. கேரளக் கணிதர்கள் 'யுக்தி' என்றார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷையின் பெயரிலேயே அது இருக்கிறது.

'மெய்ப்பித்தல்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். நீதிமன்றத் தமிழுக்கு அது பொருந்தும். கணிதத்தில் எனக்கு அது ஒட்டவில்லை. மெய்ப்பிப்பது என்றால் மெய்யாக்குவது போல ஒலிக்கிறது. கூற்று முன்பே மெய்தான், நாம் அதை ஆக்கவில்லை.

'நிறுவு' என்பதற்கு வேர் 'நில்'. நிற்பது தன்வினை, நிறுத்துவதும் நிறுவுவதும் பிறவினை. நிறுவனம், நிறுவனர் எல்லாம் இதே குடும்பம். எடைபோடும் 'நிறுத்தல்' கூட இங்கிருந்து வந்ததுதான். தொல்காப்பியம் புணர்ச்சியைப் பேசும்போது, முதலில் நிற்கும் சொல்லை 'நிறுத்த சொல்' என்றும், அதை நோக்கி வந்து சேர்வதைக் 'குறித்து வரு கிளவி' என்றும் சொல்கிறது. நிறுவல் எழுதுவதற்கும் இந்த ஒழுங்குதான் வேண்டும். எது முதலில் நிற்கிறது, எது அதன்மேல் வந்து சேர்கிறது என்பது படிப்பவருக்குத் தெரியவேண்டும். பிழைகளில் பெரும்பாலானவை இந்த வரிசை தலைகீழாவதால் வருபவை.

திருவல்லிக்கேணியில் மாலை வேளைகளில் பி.எஸ்சி. கணிதம் முதலாண்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர் என் வீட்டுக்கு வருவார்கள். போன மாதம் ஒரு பையன் கொண்டுவந்த தாளில் இருந்தது, கூட்டுச் சராசரி பெருக்குச் சராசரியைவிடக் குறையாது என்ற பழைய கணக்கு. அவன் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

```
(a+b)/2 ≥ √(ab)
(a+b)²/4 ≥ ab
a² + 2ab + b² ≥ 4ab
a² − 2ab + b² ≥ 0
(a−b)² ≥ 0
```

கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டிருந்தான். "கரெக்டா வந்துடுச்சு சார். ஸ்கொயர் எப்பவுமே நெகட்டிவ் ஆகாது இல்ல?"

"வந்துடுச்சு, சரி. எங்கேயிருந்து வந்துச்சு?" என்றேன்.

"கேள்வியிலேர்ந்துதான் சார்."

கோளாறு அங்கேதான். எதை நிறுவவேண்டுமோ அதையே முதல் வரியில் நிறுத்திவிட்டான். அதிலிருந்து உண்மையான ஒன்று கிடைத்தது. உண்மையான முடிவு கிடைப்பதால் தொடக்கம் உண்மை என்று ஆகிவிடாது. இதை வாயால் சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள், மறுநாள் அதையே எழுதுவார்கள். அதனால் a = −1, b = −4 என்று போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

கடைசி வரி: (−1+4)² = 9. பூச்சியத்தைவிடப் பெரிது, சரி. இரண்டாம் வரி: 25/4, அதாவது 6.25, வலப்பக்கம் 4. இதுவும் சரி. முதல் வரி: இடப்பக்கம் −2.5, வலப்பக்கம் √4 = 2. மைனஸ் இரண்டரை எப்படி இரண்டைவிடப் பெரிதாகும்? ஆக முதல் வரியைத் தவிர மற்ற நான்கும் உண்மை, முதல் வரி மட்டும் பொய். அவனுடைய தாள் பொய்யான ஒரு கூற்றுக்கும் அதே அடிக்கோட்டைப் போட்டுக் கொடுத்துவிடும்.

கீழிருந்து மேலே நடந்து பார்த்தால் இடறும் இடம் தெரியும். ஐந்தாம் வரியிலிருந்து இரண்டாம் வரி வரை தாராளமாக ஏறலாம். இரண்டாவதிலிருந்து முதலாவதுக்குப் போக வர்க்கமூலம் எடுக்கவேண்டும். எடுத்தால் இடப்பக்கம் கிடைப்பது (a+b)/2 அல்ல, அதன் மட்டு மதிப்பு. நம் எண்களில் 2.5 ≥ 2 என்றுதான் வரும், −2.5 ≥ 2 என்று வராது. வர்க்கப்படுத்துவது நம்ம ஊர் ஒருவழிப் பாதை மாதிரி. போனது போல அதே வழியில் திரும்ப முடியாது, சுற்றித்தான் வரவேண்டும். a, b இரண்டும் குறை எண்கள் அல்ல என்று முன்பே சொல்லியிருந்தால் திரும்பலாம். அந்தப் பையன் அதைச் சொல்லவே இல்லை. கேள்வியில் இருந்தது, தாளில் இல்லை.

அவன் எழுதியது வீண் என்று சொல்லமாட்டேன். ரஃப் வொர்க்காக அது அருமையான தாள். எங்கே தொடங்கவேண்டும் என்பதை அதுதான் கண்டுபிடித்துக் கொடுத்தது. தேடிய பாதை வேறு, காட்டும் பாதை வேறு. இரண்டாவதை இப்படி எழுதினோம்:

"a, b என்பன குறை எண்கள் அல்லாத ஏதேனும் இரு மெய்யெண்கள் என்க. அவை குறை எண்கள் அல்லாததால் √a, √b இரண்டும் மெய்யெண்களே. எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் பூச்சியத்துக்குக் குறையாது. எனவே (√a − √b)² ≥ 0. இதை விரித்தால் a − 2√a√b + b ≥ 0 ஆகும். a, b குறை எண்கள் அல்ல என்பதால் √a√b = √(ab). எனவே a + b ≥ 2√(ab). இருபுறமும் 2 என்ற மிகை எண்ணால் வகுக்க, (a+b)/2 ≥ √(ab) எனக் கிடைக்கிறது."

'குறை எண்கள் அல்ல' என்ற எடுகோள் இரண்டு இடத்தில் வேலை செய்கிறது: மூலங்கள் இருக்கின்றன என்பதற்கு ஒருமுறை, அவற்றைப் பெருக்கி ஒரே மூலத்துக்குள் போட்டதற்கு ஒருமுறை. எழுதி முடித்ததும் நான் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்வது இதைத்தான். மேலே நிறுத்திய ஒவ்வொரு எடுகோளும் கீழே எங்கே செலவாகியிருக்கிறது? எங்குமே செலவாகவில்லை என்றால், ஒன்று அது தேவையில்லாதது, அல்லது நடுவில் ஏதோ ஒரு படியைத் தெரியாமல் தாண்டியிருக்கிறோம். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

இனி அந்தப் பத்தியில் வரும் சின்னச் சொற்கள். 'என்க' என்பது வியங்கோள். குறியீட்டுக்குப் பெயர்சூட்டும் சொல் அது. 'எனவே' என்பது மேலே சொன்னதிலிருந்து இது வருகிறது என்று கையெழுத்துப் போடும் சொல். 'எனில்' நிபந்தனை மட்டும்தான், எதையும் உறுதிசெய்வதில்லை. "n இரட்டை எண் எனில் n² இரட்டை எண்" என்ற வரி, n இரட்டை எண் என்று சொல்லவே இல்லை. 'எனில்' வரவேண்டிய இடத்தில் 'எனவே' போட்டால் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக்கிவிடுகிறோம். 'ஆனால்' இன்னும் மோசம். 'n = 2 ஆனால்' என்றால் நிபந்தனை, 'ஆனால் n = 2' என்றால் மறுப்புப் போல ஒரு தகவல். இடம் மாறினால் பொருள் மாறுகிறது. நிறுவலில் நிபந்தனைக்கு அதைத் தொடாமலிருப்பது நல்லது.

எல்லாவற்றையும்விட வம்பு பிடித்தது 'ஏதேனும்'. பரீட்சைத் தாளில் "ஏதேனும் ஐந்து வினாக்களுக்கு விடையளி" என்று வரும். அங்கே தேர்ந்தெடுப்பவர் நாம், நமக்கு எளிதானதை எடுத்துக்கொள்ளலாம். நிறுவலில் "ஏதேனும் ஓர் எண்" என்றால் தேர்ந்தெடுப்பவர் எதிரில் இருப்பவர். அவர் எதைக் கொடுத்தாலும் நம் வாதம் நிற்கவேண்டும். பிள்ளைகள் முதல் பழக்கத்திலேயே இருப்பதால் "a = 4, b = 9 என்க, சராசரி 6.5, மூலம் 6, நிறுவப்பட்டது" என்று முடித்துவிடுகிறார்கள். இருக்கிறது என்று மட்டும் தெரிந்த, இன்னதென்று தெரியாத எண்ணுக்கு 'ஏதோ ஓர் எண்' என்று எழுதினால் குழப்பம் குறையும்.

இந்த 'ஏதோ'வை மறப்பதால் வரும் பிழையும் ஒன்று உண்டு. இரண்டு ஒற்றை எண்களின் கூட்டுத்தொகை இரட்டை எண் என்று நிறுவ, இரண்டையும் 2k+1 என்று எழுதி 4k+2 என்று கூட்டுவார்கள். முடிவு சரியாகத்தான் தோன்றும். ஆனால் 4k+2 என்பது நான்கால் வகுபடவே வகுபடாது, 1+3 வகுபடுகிறதே? ஒரே k என்றதும் இரண்டு எண்ணும் ஒன்றே என்று ஆகிவிட்டது. முதல் எண்ணுக்கு ஏதோ ஒரு முழு எண் m, இரண்டாவதற்கு ஏதோ ஒரு முழு எண் n என்று தனித்தனியாகப் பெயரிட்டால் 2(m+n+1) என்று வந்து முடிந்துவிடும்.

எடுத்துக்காட்டு காட்டுவது தமிழுக்கு அந்நியமான வழக்கம் அல்ல. மணிமேகலையில் அறவண அடிகள் அளவை நூல் சொல்லும்போது பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஐந்து உறுப்புகளைச் சொல்கிறார். மலையில் தீ இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையைப் போல. பக்கம் என்பது நாம் நிறுவவேண்டிய கூற்று, ஏது அதன் காரணம். பத்தாம் வகுப்பு வடிவியலில் 'கூற்று', 'காரணம்' என்று இரண்டு பத்தியாகக் கோடு போட்டு எழுதினோமே, அது ஏறக்குறைய இந்த முதல் இரண்டு உறுப்புகள்தான். மூன்றாவதான அடுக்களைக்குத்தான் கணிதத்தில் இடமில்லை. ஆயிரம் அடுக்களைகளைக் காட்டினாலும் ஆயிரத்தொன்றாவதைப் பற்றி அது வாய் திறக்காது. ஒரு கூற்று பொய் என்று காட்டுவதற்கு மட்டும் ஒரே அடுக்களை போதும், மேலே −1, −4 செய்ததைப் போல.

நிறுவப்படும் கூற்றுக்குப் பெயர் 'தேற்றம்'. தேறு, தேற்று என்பதிலிருந்து வந்தது, உறுதி, தெளிவு என்று பொருள். இலக்கணத்தில் 'உண்டே மறுமை' என்று அழுத்திச் சொல்லும் ஏகாரம் தேற்ற ஏகாரம். நிறுவுமுன் அதைத் தேற்றம் என்று அழைப்பது கொஞ்சம் அவசரம், கூற்று என்றாலே போதும்.

முடிவில் என்ன எழுதுவது? யூக்ளிட் கிரேக்கத்தில் 'காட்டவேண்டியது இதுவே' என்று எழுதி முடித்தார். அதன் லத்தீன் சுருக்கம்தான் கியூ.ஈ.டி. தமிழில் 'நிறுவப்பட்டது' என்பதே பழகிவிட்டது. ஒரு சின்னக் கட்டம் வரைந்தாலும் தவறில்லை. அந்தப் பையன் இப்போதும் இரண்டு கோடுதான் போடுகிறான், கடைசி வரியில் கேள்வியில் கேட்டதே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு.