முகூர்த்தம்: கல்யாணப் பத்திரிகையில் எல்லோரும் படிக்கும் சொல், பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் சொல்

கல்யாணப் பத்திரிகை போனுக்கு வந்ததும் நாம் தேடுவது மூன்றே விஷயம்தான்: என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்த மண்டபம். பெரியப்பா, சித்தப்பா பெயர் வரிசையெல்லாம் அப்புறம். தமிழ்ப் பக்கத்தில் 'காலை 6.00 மணிக்கு மேல் 7.30 மணிக்குள் சுப முகூர்த்தத்தில்' என்று இருக்கும். அதே பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தில் 'முகூர்த்தம்' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் போட்டு, பக்கத்தில் 6.00, ஒரு சின்னக் கோடு, 7.30 என்று முடித்துவிடுவார்கள். கீழே மண்டபத்துக்கு வழி காட்டும் மேப் லிங்க்.

தமிழில் படிப்பவருக்குக் குழப்பமில்லை. 'மேல்', 'உள்' என்ற இரண்டு சொற்களுமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன: இந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு கணத்தில் தாலி ஏறும். கோட்டை மட்டும் பார்க்கும் வெளிநாட்டு அலுவலக நண்பர் என்ன நினைப்பார்? ஆறு மணிக்கு ஆரம்பித்து ஏழரைக்கு முடிகிற நிகழ்ச்சி என்று நினைப்பார். ஏழு மணிக்கு வந்தாலும் பாதியாவது பார்க்கலாம் என்று கணக்குப் போட்டு வருவார், அதற்குள் மாலை மாற்றி, தாலி கட்டி, பாதிப் பேர் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள்.

சரி, முகூர்த்தம் என்றால் என்ன? அடிப்படையில் அது ஒரு கால அளவு, அவ்வளவுதான். ஒரு பகலும் இரவும் சேர்ந்த நாளை முப்பது பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு முகூர்த்தம். 24 மணி நேரத்தை முப்பதால் வகுத்தால் 48 நிமிடம். நம் நாழிகைக் கணக்கில் நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம், ஆகவே இரண்டு நாழிகை ஒரு முகூர்த்தம். இதில் நல்லது கெட்டது எதுவும் கிடையாது. ஒரு நாளில் முப்பது முகூர்த்தமும் வந்துதான் போகும். அதனால்தான் முன்னால் 'சுப' என்று ஒட்ட வேண்டியிருந்தது. இன்று அந்த ஒட்டு இல்லாமலே 'முகூர்த்தம்' என்றாலே நல்ல நேரம் என்று ஆகிவிட்டது.

சொல் வடமொழி. 'முஹுர்' என்றால் திடீரென, ஒரு கணத்தில், திரும்பத் திரும்ப என்றெல்லாம் பொருள். ரிக் வேதத்தில் விசுவாமித்திரர் ஆறுகளைப் பார்த்து, என் சொல்லுக்காக ஒரு கணம் நில்லுங்கள் என்று கேட்கிற இடத்தில் இந்தச் சொல் வருகிறது. அங்கே 48 நிமிடமெல்லாம் இல்லை, 'கொஞ்சம் நில்லு' என்பதுதான். பிறகு வந்த சதபத பிராமணத்தில்தான் பகலுக்குப் பதினைந்து, இரவுக்குப் பதினைந்து என்று அளவு கட்டப்படுகிறது.

தமிழுக்கு இது எப்போதோ வந்துவிட்டது, அதுவும் தமிழ் வாய்க்கு ஏற்றபடி 'முழுத்தம்' ஆகி வந்தது. சிலப்பதிகாரத்தின் கால்கோட் காதையில், செங்குட்டுவன் வடக்கே படையெடுக்க நினைக்கும்போது நேரம் கணிப்பவர் எழுந்து, 'முழுத்தம் ஈங்கிது' என்கிறார். கிளம்ப இதுதான் வேளை என்று பொருள். பாருங்கள், அங்கே முழுத்தம் குறித்தது படை கிளம்புவதற்கு, தாலி கட்டுவதற்கு இல்லை.

அப்படியானால் கல்யாணத்துக்கு நேரம் பார்க்கும் வழக்கம் தமிழில் இல்லையா என்றால், இருந்தது, அதற்குச் சொல்தான் வேறு. அகநானூற்றில் 86, 136 ஆகிய இரண்டு பாட்டுகளும் கல்யாண வீட்டையே கண்முன் நிறுத்துகின்றன. 86-ஆம் பாட்டில் உளுந்தங்களி, பந்தல், பரப்பிய மணல், இருள் விலகிய அழகான காலை எல்லாம் வந்து, 'கேடில் விழுப்புகழ் நாள் தலைவந்தென' என்று முடிகிறது அந்த வரி. சொல் 'நாள்'. பழந்தமிழில் நாள் என்பது கிழமையை மட்டும் சொல்வதில்லை, நட்சத்திரத்தையும் சொல்லும். 136-ஆம் பாட்டில் 'திங்கள் சகடம் மண்டிய' என்று வருகிறது. சகடம் என்றால் ரோகிணி. நிலா ரோகிணியோடு சேர்ந்த நாளில் கல்யாணம். கண்ணகி கோவலன் கல்யாணமும் 'வானூர் மதியம் சகடணைய' நடந்ததுதான். ஆக அன்றைக்கு முக்கியமாகப் பார்த்தது நிலா எந்த நட்சத்திரத்தில் நிற்கிறது என்பதை. கடிகாரம் பார்த்து ஒன்றரை மணி நேரம் வெட்டிக் கொடுப்பது பிறகு வந்த பழக்கம்.

அந்த ஒன்றரை மணி நேரம்தான் இன்னொரு வேடிக்கை. முகூர்த்தம் 48 நிமிடம் என்றால் பத்திரிகையில் 90 நிமிடம் எப்படி வந்தது? ஏனென்றால் பத்திரிகையில் இருப்பது முகூர்த்தமே இல்லை, லக்னம். கிழக்குத் தொடுவானத்தில் அந்த நேரத்தில் எழுந்துகொண்டிருக்கும் ராசிதான் லக்னம். பன்னிரண்டு ராசிகளும் ஒரு நாளில் எழுந்துவிடுவதால் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில் ராகுகாலம், எமகண்டம் விழும் பகுதியைக் கழித்து, மிச்சத்தை நாள்காட்டியில் பழகிய ஒன்றரை மணிக் கட்டத்துக்குள் அடக்கிப் போடுகிறார்கள். ராகுகாலமும் கௌரி பஞ்சாங்கத்து நல்ல நேரமும் பகலின் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஒன்றரை மணி நேரம். கண் அதற்கே பழகிவிட்டது என்பது என் கணிப்பு.

ஒரு பத்திரிகையை எடுத்துச் சரிபார்ப்போம். ஆவணி 20, வெள்ளிக்கிழமை, சென்னையில் கல்யாணம், 'காலை 6.00 மணிக்கு மேல் 7.30 மணிக்குள் கன்னி லக்னத்தில்' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவணியில் சூரியன் சிம்மத்தில் இருப்பார், எனவே சூரியன் உதிக்கும்போது எழுவதும் சிம்மம்தான். இருபதாம் தேதி என்றால் சிம்மத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கடந்தாயிற்று, ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமாக மிச்சம். அது எழுந்து முடிய முக்கால் மணி நேரம் ஆகும். ஆறு மணிக்கு உதயம் என்றால் சுமார் 6.45 வரை சிம்மம், அதற்குப் பிறகு 8.45 வரை கன்னி. அப்போது 6.00 என்று போட்டது தப்பு. 6.45-க்கு மேல் 8.15-க்குள் என்று போட்டிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ராகுகாலம் 10.30-க்குத்தான், ஆகவே இடைஞ்சல் இல்லை. இதே கல்யாணம் திங்கட்கிழமை என்றால் 7.30-க்கு ராகுகாலம் வந்துவிடும், கையில் இருப்பது வெறும் முக்கால் மணி நேரம். அப்படிப்பட்ட நாளில்தான் புரோகிதர் 'சீக்கிரம், சீக்கிரம்' என்று மாப்பிள்ளையை விரட்டுவார்.

இந்த மாதக் கணக்கு யாரும் செய்து பார்க்கலாம்: மாதத்துக்கு உரிய ராசிதான் உதய நேரத்து லக்னம், மாதம் எவ்வளவு கடந்ததோ அவ்வளவு அந்த ராசியும் கடந்திருக்கும். நிமிடக் கணக்குத் துல்லியமாக வராது, ஆனால் ஒரு மணி நேரப் பிழையைக் கண்டுபிடிக்கப் போதும்.

இதில் கவனிக்க வேண்டியது, நேரம் ஊரோடு ஒட்டியது. சென்னையை விட மதுரையில் எட்டு நிமிடம் போலப் பிந்தித்தான் சூரியன் உதிக்கிறது, லக்னமும் அப்படியே தள்ளிப் போகும். டொராண்டோவில் அதே செப்டம்பர் தொடக்கத்தில் உதயமே 6.40-ஐத் தாண்டித்தான். சென்னையில் குறித்த 6.45-ஐ அங்கே ஒரு மண்டபத்துக்கு அப்படியே எடுத்துப் போட்டால் அது கன்னியே இல்லை, சிம்மம். அதனால்தான் விவரப் பகுதியில் நேரம் ஒரு மூலையிலும் மேப் லிங்க் இன்னொரு மூலையிலும் கிடப்பது எனக்குப் பிடிப்பதில்லை. இரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு பாதி. மண்டபத்தின் பெயருக்கு அடியிலேயே நேரம், அதற்கு அடியிலேயே லிங்க் இருக்கட்டும். நேரலையில் பார்ப்பவர்களுக்கு அவர்கள் ஊர் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். சென்னையில் வெள்ளி காலை 6.45 என்றால் டொராண்டோவில் வியாழன் இரவு 9.15. தேதியே மாறுகிறது.

தேதி மாறும் இன்னொரு இடம் விடியற்காலை முகூர்த்தம். பஞ்சாங்கத்தில் நாள் தொடங்குவது உதயத்தில், நள்ளிரவில் இல்லை. வெள்ளி விடியற்காலை 4.30 என்பது பஞ்சாங்கப்படி இன்னும் வியாழன்தான். கிராமத்தில் 'வியாழன் ராத்திரி, விடிஞ்சா வெள்ளி' என்று சொல்வது இதற்காகத்தான், அதைவிடத் தெளிவாக எந்தப் பத்திரிகையும் சொன்னதில்லை. பிரம்ம முகூர்த்தம் என்று 4.30 முதல் 6.00 வரை போடுகிறார்களே, அதுவும் தளர்வான கணக்கு. உதயத்துக்கு 96 நிமிடம் முன்னால் தொடங்கி 48 நிமிடம் முன்னால் முடிவது அது. ஆறு மணிக்கு உதயம் என்றால் 4.24 முதல் 5.12 வரை. இங்கே பழைய 48 நிமிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பேச்சில் இந்தச் சொல் இன்னும் தூரம் போய்விட்டது. முகூர்த்தக்கால், முகூர்த்தப் பட்டு என்றால் கல்யாணத்துக்கு உரியது என்று பொருள். 'நாளைக்கு எனக்கு மூணு முகூர்த்தம்' என்றால் மூன்று கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும் என்று பொருள், அங்கே நேரமே இல்லை.

இதற்குத் தமிழ் என்ன? 'முழுத்தம்' அழகான வடிவம், ஆனால் இன்று அச்சடித்தால் எழுத்துப் பிழை என்று நினைத்து யாராவது போன் பண்ணுவார்கள். 'ஓரை' தொல்காப்பியத்திலேயே 'ஓரையும் நாளும்' என்று வருகிற பழைய சொல் (அது கிரேக்கத்திலிருந்து வந்தது என்றும் இல்லை என்றும் ஒரு சண்டை உண்டு, அது தனிக் கதை). ஆனால் நாள்காட்டியில் சுக்கிர ஓரை, குரு ஓரை என்று ஒரு மணிக் கணக்குக்கு அது போய்விட்டதால் பத்திரிகையில் குழப்பும். 'நல்ல நேரம்' என்றால் நாள்காட்டியின் கௌரி கட்டம்தான் நினைவுக்கு வரும். என் தேர்வு 'மணவேளை', நாளுக்கு 'மணநாள்'. படித்தவுடன் புரியும், எந்த நாள்காட்டிக் கட்டத்தோடும் மோதாது, சடங்கில்லாமல் தமிழ்முறையில் நடக்கும் கல்யாணத்துக்கும் பொருந்தும்.

ஆங்கிலப் பக்கத்தில் முகூர்த்தம் என்ற சொல்லை அப்படியே விடலாம், மொழிபெயர்க்கிறேன் என்று 'ஆஸ்பிஷியஸ் டைம்' ஆக்கினால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. அதற்குப் பக்கத்தில், கோட்டை எடுத்துவிட்டு, இந்த இரண்டு மணிகளுக்கு நடுவில் தாலி கட்டப்படும், 6.30-க்குள் உட்கார்ந்துவிடுங்கள், சாப்பாடு 7.30 முதல் என்று மூன்று துண்டு வாக்கியம் போதும். தமிழ்ப் பக்கத்தில்: 'மணவேளை: காலை 6.45 மணிக்கு மேல் 8.15 மணிக்குள்.' அந்த 'மேல்', 'உள்' இரண்டையும் மட்டும் இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று வெட்டிவிடாதீர்கள்.