தரத்துக்கு ஆகும் செலவு: முதல் மாதக் கணக்கு ஏன் பயமுறுத்துகிறது?

மாதம் 10,000 எஃகு புஷ்களை, அதாவது குழாய் வடிவச் சிறு உதிரிபாகங்களை, கடையும் ஒரு சிஎன்சி லேத்தை எடுத்துக்கொள்வோம். வெளிவிட்டம் 25 மி.மீ., ஏற்கத்தக்க வேறுபாடு கூடுதலாகவோ குறைவாகவோ 20 மைக்ரான். ஒரு புஷ்ஷின் அடக்கச் செலவை 100 அலகு என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது.

விட்டம் கூடிப்போன 300 புஷ்களை மறுபடி கடைந்து சரிசெய்யலாம். தலா 30 வீதம் 9,000 ஆகும். விட்டம் குறைந்துபோன 200 புஷ்களுக்கு மீட்சி இல்லை. அவை ஸ்கிராப்பில் தலா 20-க்குப் போகும், எனவே நட்டம் 16,000. இந்த 25,000 உள்தோல்விச் செலவு. கடைசியில் ஒவ்வொரு புஷ்ஷையும் அளந்து பிரிக்க 20,000 ஆகிறது. இது பரிசோதனைச் செலவு. அப்படி அளந்தும் சில தப்பி வாடிக்கையாளரிடம் போய்விடும், ஏனென்றால் ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்யும் கண்ணும் கையும் எல்லாவற்றையும் பிடிப்பதில்லை. திரும்பி வரும் சரக்கு, வண்டிக்கூலி, அங்கே ஆள் அனுப்பிப் பிரித்தெடுப்பது என்று வெளித்தோல்விக்கு 35,000. தவறே நேராமல் தடுக்கச் செலவிட்டது வெறும் 2,000. மொத்தம் 82,000. செலவை இப்படிப் பிரித்துப் பார்க்கும் முறையை 1950-களில் பரவலாக்கியவர் அர்மாண்ட் ஃபைகன்பாம்.

இந்தக் கணக்கைக் கண்டதும் இன்னொரு பரிசோதகரைப் போடத்தான் பலருக்கும் தோன்றும். அவர் வெளித்தோல்வியைக் கொஞ்சம் குறைப்பார். ஆனால் கெட்ட புஷ் உருவாவது நிற்காது. அதைக் கடைந்த செலவும் போனது போனதுதான். விட்டம் ஏன் குறைகிறது என்று லேத்தின் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

லேத்தில் எஃகை வெட்டும் முனையான இன்செர்ட் தேயத் தேய விட்டம் மெல்லக் கூடும். ஆபரேட்டர் புஷ்ஷை அளந்து, அந்த முனை எங்கே நிற்க வேண்டும் என்று லேத்துக்குச் சொல்லும் ஆஃப்செட்டை மாற்றிச் சரிசெய்வார். சிக்கல் இங்கேதான். கடைந்த சூட்டோடு அளந்தால் எஃகு விரிந்திருக்கும். அறை வெப்பத்தைவிட 30 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருந்தால் 25 மி.மீ. விட்டம் சுமார் 9 மைக்ரான் பெரிதாகத் தெரியும். அந்த அளவை நம்பி ஆஃப்செட்டைக் குறைத்தால், அடுத்து வருபவை ஆறியதும் அவ்வளவு சிறுத்துப்போகும். கூடுதலான விட்டத்தைக் குறைக்கச் செய்த திருத்தமே புஷ்களை ஸ்கிராப்புக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு அளவுக்கும் உடனுக்குடன் ஆஃப்செட்டைத் தொட்டால் பரவல் இன்னும் அகலும்.

எனவே தடுப்பு வேலைகள் இவை. அளக்கும் புஷ்ஷை, மைக்ரோமீட்டரைச் சரிபார்க்க வைத்திருக்கும், அளவு உறுதியான மாஸ்டர் துண்டோடு ஒரே இரும்புப் பலகையில் ஆறவிட்டு, இரண்டும் ஒரே வெப்பத்துக்கு வந்தபின் ஒப்பிட வேண்டும். 100 புஷ்களுக்கு ஒருமுறை, தொடர்ந்து வந்த 5-ஐ அளந்து சராசரியைத் தாளில் குறிக்க வேண்டும். அது 25 மி.மீ.-இலிருந்து 10 மைக்ரானுக்கு மேல் விலகினால் மட்டுமே ஆஃப்செட்டைத் தொட வேண்டும். இன்செர்ட்டை உடையும் வரை ஓட்டாமல், தாளில் தெரியும் தேய்மானத்தை வைத்து எண்ணிக்கை குறித்து மாற்ற வேண்டும். இப்படி லேத்தில் அளக்க ஆகும் செலவைப் பரிசோதனையில் எழுதுவதா, தடுப்பில் எழுதுவதா என்று வாதாட நேரம் செலவிட வேண்டாம். ஒன்றை முடிவுசெய்து கடைசி வரை அதையே பின்பற்றினால் போதும். இங்கே பரிசோதனையில் எழுதுகிறோம்.

முதல் மாத முடிவில் தடுப்பு 12,000 ஆகியிருக்கும். கடைசிப் பரிசோதனையை இன்னும் நிறுத்தவில்லை, லேத்தில் அளப்பதும் சேர்ந்துகொண்டதால் பரிசோதனை 26,000. உள்தோல்வி 14,000-க்கு இறங்கிவிட்டது. வெளித்தோல்வி மட்டும் அதே 35,000-இல் நிற்கிறது, ஏனென்றால் இப்போது திரும்பி வருவது முன்பே அனுப்பிய பழைய சரக்கு. மொத்தம் 87,000, தொடங்கும்போது இருந்ததைவிட 5,000 கூடுதல். நல்ல திட்டங்கள் கைவிடப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் வெளித்தோல்வியைப் புகார் வந்த மாதத்தில் எழுதாமல், அந்த புஷ் தயாரான மாதத்தின் கீழ் எழுத வேண்டும். எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் லாட் எண் பெட்டியில் இல்லையென்றால் இது நடக்காது.

கடைசிப் பரிசோதனையை எப்போது குறைக்கலாம்? அளவுகள் நடுவில் நின்று, அவற்றின் பரவல் அனுமதித்த 40 மைக்ரானில் முக்கால் பங்குக்குள், அதாவது 30-க்குள், தொடர்ந்து அடங்கும்போது. பரவல் அனுமதித்த எல்லைக்குள் எவ்வளவு வசதியாக அடங்குகிறது என்று காட்டும் குறியீடான சிபிகே 1.33 என்று சொல்வது இதைத்தான். அதற்கு முன் பரிசோதகரை எடுத்தால் சேமிப்பு வெளித்தோல்வியாகத் திரும்பி வரும். நான்காவது மாதத்தில் கடைசிப் பரிசோதனை மாதிரி எடுத்துப் பார்க்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டால் தடுப்பு 10,000, பரிசோதனை 14,000, உள்தோல்வி 6,000, வெளித்தோல்வி 9,000 என்று கணக்கு 39,000-க்கு வரலாம்.

குறைந்த 43,000-மும் கையில் பணமாக வந்துவிடாது. மறுபடி கடைவது நின்றாலும் அந்த ஆபரேட்டரின் சம்பளம் நிற்பதில்லை. மிச்சமான நேரத்துக்கு வேறு வேலை இருந்தால்தான் அது வரவு. மாறாக, ஆலையிலேயே இந்த லேத்தில்தான் வேலை தேங்குகிறது என்றால் ஒவ்வொரு ஸ்கிராப் புஷ்ஷும் விற்றிருக்கக்கூடிய ஒரு புஷ். அப்போது நட்டத்தை 80 என்று எழுதுவது குறைவு. கைவிட்டுப்போன லாபத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.