எந்தச் சிலைடு தமிழில், எது மலாயில்?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் நீரிழிவு மருந்துகளைப் பற்றிப் பேசப் போகும் மருந்தாளர் நான். மண்டபத்தில் முன்வரிசையில் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்த பாட்டிமார் இருப்பார்கள். பின்னால், தமிழ் பேசினாலும் மலாய்தான் வாசிக்க வரும் பிள்ளைகள். ஓரமாக மலாய்க்கார அண்டை வீட்டார், இந்தோனேசியத் தொழிலாளர்கள். எல்லாவற்றையும் இரண்டு மொழியிலும் சொன்னால் அரைமணிப் பேச்சு ஒரு மணி நேரமாகிவிடும். ஒரு மொழி ஓடும்போது மற்றவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள்.

ஆகவே, அந்தச் செய்தி கேட்பவருக்கு எங்கே தேவைப்படும் என்று பார்த்துதான் மொழியை முடிவு செய்கிறேன்.

மருந்துப் பையை எடுத்துக்கொள்வோம். கிளினிக்கில் தரும் பையில் எழுதியிருப்பது மலாய். கிளிக்லசைடு பையில் 'செபெலும் மாக்கான்', அதாவது சாப்பாட்டுக்கு முன்; மெட்ஃபார்மின் பையில் 'செலெபாஸ் மாக்கான்', அதாவது சாப்பாட்டுக்குப் பின் என்றிருக்கும். சிலைடில் இவற்றைத் தமிழாக்கிப் போட்டால் வீட்டில் பையைப் பார்க்கும் பாட்டிக்கு அது உதவாது. பையையே பெரிதாகப் படமெடுத்துப் போடுகிறேன்; மலாய் வரி அப்படியே இருக்கும், பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டும் மாத்திரையும் எது முதலில் என்று காட்டும். விளக்கம் முழுவதும் வாய்வழியாகத் தமிழில்: கிளிக்லசைடைப் போட்டுவிட்டுப் பசியாறாமல் இருந்தால் சீனி அளவு இறங்கும், மெட்ஃபார்மினை வெறும் வயிற்றில் போட்டால் வயிறு புரட்டும். முடிந்ததும் மலாயில் இரண்டே வாக்கியம். படம் கண்முன் இருப்பதால் அது போதும்.

சீனி இறங்கினால் என்ன செய்வது என்ற சிலைடு மட்டும் விதிவிலக்கு. மயங்குபவர் யாரோ, பக்கத்தில் இருப்பவர் யாரோ தெரியாது. அதை இரண்டு மொழியிலும் எழுதி, இரண்டிலும் முழுதாகச் சொல்கிறேன்: கருவியில் சீனி அளவு 4 mmol/L-க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கணும், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்கணும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழைக்கணும்.

இந்த 4-இல் ஒரு ஆபத்து இருக்கிறது. தமிழ்ச் சிலைடுக்கென்று இந்தியப் பக்கங்களிலிருந்து எடுத்துப் போடுபவர்கள் அங்கே வழங்கும் mg/dL கணக்கையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அங்கே 126 என்பது நம் கருவியில் 7.0, அங்குள்ள எண்ணை 18-ஆல் வகுக்க வேண்டும். மலாய்ச் சிலைடில் 7, தமிழ்ச் சிலைடில் 126 என்று வந்தால் ஒரே வீட்டில் அம்மாவும் மகனும் இரண்டு கணக்கு வைத்திருப்பார்கள். எண் எந்த மொழியிலும் ஒன்றாகவே இருக்கட்டும், கருவி காட்டுகிறபடி.

பேச்சு முடிந்ததும் காலிப் பை ஒன்றைப் பாட்டி ஒருவரிடமும் மலாய்க்கார அண்டை வீட்டார் ஒருவரிடமும் நீட்டி, “இன்னிக்கு ராத்திரி இதை எப்படிப் போடுவீங்க?” என்று அவரவர் மொழியில் கேட்கிறேன். இருவருமே தடுமாறினால் படத்தை மாற்றுவேன். ஒருவர் மட்டும் தடுமாறினால் அவர் மொழியில் இன்னும் இரண்டு வாக்கியம் கூட்டுவேன்.